நண்பர் வட்டத்தில் பிடித்தவராக மட்டுமின்றி மதிக்கப்படுபவராகவும் இருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“எல்லாருக்கும் என்னைப் பிடிக்கும். ஆனா என் பேச்சுக்கு மட்டும் மதிப்பில்ல. பிடிச்சிருந்தா மதிக்கவும் தானே செய்வாங்க?”

பிடித்துப்போவதும் மதிப்பதும் வெவ்வேறு வழிகளில் உண்டாகின்றன. ஒருவர் அருகில் இருக்கும்போது நம் மனம் இலேசாக இருந்தால் அவரை நமக்குப் பிடித்துவிடுகிறது. ஒருவரை மதிக்க வேண்டுமானால், அவருக்கென்று ஒரு நேரமும் ஒரு கருத்தும் ஓர் எல்லையும் உண்டு என்பதை நாம் எப்போதாவது நேரில் சந்தித்திருக்க வேண்டும். எதைக் கேட்டாலும் “சரிடா” என்று சொல்பவரிடம் அந்தச் சந்தர்ப்பம் நமக்குக் கிடைப்பதே இல்லை. அவர் நல்லவர் என்று தெரியும். அவருக்கு எது முக்கியம் என்று தெரியாது.

கோலாலம்பூரிலும் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வேலை பார்க்கும் நம் இளைஞர்களிடம் பேசும்போதெல்லாம் இந்த ஏக்கத்தைக் கேட்டு வருகிறேன். அவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: புலனக் குழுவில் ஒரு திட்டம் போடும்போது உங்களைக் கேட்டு முடிவெடுக்கிறார்களா, முடிவெடுத்துவிட்டு உங்களுக்கு வேலை கொடுக்கிறார்களா? நீங்கள் “முடியாது” என்றால் பேச்சு அங்கே நிற்கிறதா, அல்லது அங்கிருந்துதான் வற்புறுத்தலே தொடங்குகிறதா? இரண்டாவதுதான் பதில் என்றால், அவர்களுக்கு உங்கள்மீது வெறுப்பு எதுவும் இல்லை. உங்கள் “முடியாது” என்பதற்கு இதுவரை எந்த விளைவும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

“அப்போ மதிக்கணும்னா கொஞ்சம் அதட்டி நடந்துக்கணுமா?”

தேவையில்லை. ஒரு கூட்டத்தில் மனிதர்கள் மேல்நிலை அடையும் வழிகளை ஆராய்ந்த ஜோசப் ஹென்ரிக், ஃபிரான்சிஸ்கோ கில்-வைட் என்ற இருவரும் 2001-இல் எழுதிய கட்டுரையில் அவற்றை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, அச்சத்தால் பிறர் பணிவது. மற்றொன்று, ஒருவரிடம் கற்க ஏதோ இருக்கிறது என்று பிறர் தாமாகவே மனமுவந்து மதிப்பது. அதட்டல் முதல் வகையைச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர் இல்லாத இடத்தில் பேச்சு மாறிவிடும். அவரோடு இருக்க வேண்டிய கட்டாயம் தீர்ந்ததும் ஆட்களும் விலகிவிடுவார்கள்.

சம்பளக் கணக்கும் பதவியும் இல்லாத நண்பர் வட்டத்தில் இரண்டாவது வகை மட்டுமே நிற்கும். அதற்கான அடிப்படை, சொன்னதையே செய்பவர் என்ற பெயர். வருவேன் என்றால் வருவார், மாட்டேன் என்றால் மாட்டார், இரண்டையும் ஒரே குரலில் சொல்வார். இந்தப் பெயரை எடுப்பதற்கு அதட்டல் உதவாது. கோபத்தில் சொன்ன “முடியாது” என்பதைக் கோபம் தணிந்ததும் மாற்றிக்கொள்வார் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள்.

“எனக்கு நிறைய குறை இருக்கு. எதுல இருந்து ஆரம்பிக்கறது?”

ஒன்றே ஒன்றிலிருந்து. அது வாராவாரம் திரும்ப வருவதாகவும், பிறருடைய அனுமதி இன்றி உங்கள் கையாலேயே மாற்றக்கூடியதாகவும், மாற்றினால் யாருக்கும் பெரிய பாதிப்பு வராததாகவும் இருக்க வேண்டும். “என்னைப் பேச விட மாட்டேங்கறாங்க” என்பது முதல் அடிக்கு ஏற்றதல்ல, ஏனென்றால் அதில் மாற வேண்டியவர்கள் அவர்கள். “எல்லாரையும் நான்தான் காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன்” என்பது மிகப் பொருத்தமானது. கார் உங்களுடையது, சாவி உங்கள் கையில் இருக்கிறது.

இந்தப் பக்கம் முழுவதும் அந்த ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். சுபாங் ஜெயாவில் ஓர் இளைஞர் இருக்கிறார். சனிக்கிழமை இரவுகளில் பள்ளி நண்பர்கள் ஆறு பேர் பிரிக்பீல்ட்ஸில் சாப்பிடக் கூடுவார்கள். அவர் முதலில் பூச்சோங் போய் ஒருவரை ஏற்றி, பிறகு கிளானா ஜெயாவில் இருவரை வீட்டு வாசலில் காத்திருந்து ஏற்றி, அதன்பின் கூட்டரசு நெடுஞ்சாலையைப் பிடிக்கிறார். நேராகப் போனால் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும் பயணம், இப்படிப் போனால் ஒன்றரை மணி நேரத்தைத் தொடுகிறது. திரும்பும்போதும் அதே சுற்று. யாரும் அவரை வற்புறுத்தி இதைத் தொடங்கவில்லை. முதல் சில வாரம் அவரே ஆசையாகச் செய்தார். பிறகு அது அவருடைய வேலையாகிவிட்டது.

“சரி, அதை எப்படிச் சொல்றது? சொன்னா சண்டை வந்துடுமே.”

சண்டை பெரும்பாலும் சொல்லும் நேரத்தால்தான் வருகிறது. சனிக்கிழமை மாலை ஆறரைக்கு, மூவரும் குளித்துக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது “இன்னைக்கு நான் ஏத்த மாட்டேன்” என்றால் அவர்கள் கோபப்படுவதில் நியாயம் இருக்கிறது. புதன்கிழமையே சொல்லிவிட்டால் மாற்று ஏற்பாட்டுக்கு மூன்று நாள் இருக்கிறது. எல்லாரையும் பாதிக்கும் செய்தி என்பதால் குழுவிலேயே சொல்லலாம். ஒருவரைப் பற்றிய வருத்தமாக இருந்தால் அவரிடம் மட்டும் தனியே சொல்ல வேண்டும்.

வாக்கியம் உங்கள் செயலைப் பற்றியதாக இருக்கட்டும். “நீங்க எப்பவும் லேட்டு, என்னை டிரைவராவே ஆக்கிட்டீங்க” என்றால் உடனே யார் எப்போது தாமதித்தார்கள் என்ற வழக்கு தொடங்கிவிடும். நம் இளைஞர் இப்படி எழுதலாம்: “இந்தச் சனிக்கிழமையில இருந்து வீட்டுக்கு வந்து ஏத்தறதை நிறுத்திக்கறேன். கிளானா ஜெயா எல்ஆர்டி நிலையத்துல 7.15-க்கு நிப்பேன், வர்றவங்களை ஏத்திக்கறேன். 7.25-க்குக் கிளம்பிடுவேன்.” இதில் குற்றச்சாட்டு இல்லை, மன்னிப்பும் இல்லை. எதை நிறுத்துகிறார், எதைத் தொடர்ந்து செய்யத் தயார், எந்த நேரம் வரை என்று மூன்றும் தெளிவாக இருக்கின்றன.

அந்த நிலையத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அது அவர் போகும் வழியை ஒட்டியது, தவறவிட்டவர் அங்கேயே ரயிலேறினால் வண்டி மாறாமல் கேஎல் சென்ட்ரலில் இறங்கலாம், அங்கிருந்து பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம். பூச்சோங் நண்பர் புத்ரா ஹைட்ஸில் ஒருமுறை மாறி வர வேண்டும். ஆக, யாரும் சாப்பிட வர முடியாமல் போகப்போவதில்லை. எல்லை போடும்போது பிறருக்கு ஒரு நடைமுறை வழி மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், பிறகு உறுதியாக நிற்பதற்கு உங்கள் மனமே இடம்கொடுக்கும்.

“காரணம் சொல்லாம முடியாதுன்னு சொல்றது மரியாதையா இருக்காதே?”

நம்மவரிடையே ஒரு காரணம் சொல்வது பண்பு; அதை விட்டுவிடச் சொல்லவில்லை. உண்மையான ஒரே காரணத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்: “வாரம் முழுக்க வண்டி ஓட்டி அலுப்பா இருக்கு.” நான்கு காரணங்களை அடுக்கினால் கேட்பவர் அவற்றில் பலவீனமான ஒன்றைப் பிடித்துத் தீர்த்துவைக்கப் பார்ப்பார். “பெட்ரோல்தானே, நான் போடறேன்”, “கார் சத்தம் போடுதா, எனக்குத் தெரிஞ்ச வொர்க்‌ஷாப் இருக்கு” என்று ஒவ்வொன்றாகக் கழன்றுவிட்டால் கடைசியில் மறுக்க உங்களிடம் எதுவும் இருக்காது. பொய்க் காரணம் இன்னும் மோசம். அம்மாவைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறேன் என்று சொன்னவர் அடுத்த வாரமும் புதிதாக ஒன்றைத் தேட வேண்டும்.

மழுப்பலும் மரியாதையாகாது. “பார்க்கலாம்”, “டிரை பண்றேன்” என்பவற்றை நண்பர்கள் “சரி” என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஃபிரான்சிஸ் ஃபிளின், வனெஸ்ஸா லேக் இருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வுகளில், உதவி கேட்பவர்கள் தமக்கு எத்தனை பேர் சம்மதிப்பார்கள் என்பதைக் குறைத்தே கணித்தார்கள். மறுப்பது எதிரே இருப்பவருக்கு எவ்வளவு சங்கடம் என்பதைக் கேட்பவர் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை என்பது அவர்கள் தந்த விளக்கம். உங்கள் முகத்தில் ஓடும் தயக்கத்தை நண்பர்கள் படித்துக்கொள்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம். அவர்கள் காதுக்கு எட்டுவது உங்கள் சொல் மட்டுமே.

“சொல்லிட்டேன். இப்போ முன்னைவிட அதிகமா தொல்லை பண்றாங்க. சொன்னதே தப்பா?”

இதுதான் பெரும்பாலோர் கைவிடும் இடம், எனவே சற்று விரிவாகச் சொல்கிறேன். பழக்கமாகக் கிடைத்துவந்த ஒன்று திடீரென நின்றால், அதைப் பெறுவதற்கான முயற்சி குறைவதற்கு முன் சில காலம் கூடும். காசு போட்டும் பானம் விழாத இயந்திரத்தின் பொத்தானை நாம் நாலைந்து முறை ஓங்கி அழுத்துவதைப் போன்றது அது. நடத்தையை ஆராயும் உளவியலாளர்கள் நன்கு அறிந்த இயல்பு இது. தொல்லை கூடியிருப்பதற்குப் பொருள், பழைய வழி இன்னும் வேலை செய்கிறதா என்று அவர்கள் சோதித்துப் பார்க்கிறார்கள் என்பதே. நீங்கள் சொன்னது தவறு என்பதற்கு அது சான்றாகாது.

நம் இளைஞரின் முதல் சனிக்கிழமையைப் பார்ப்போம். 7.15-க்கு நிலையத்தில் யாரும் இல்லை. 7.20-க்கு அழைப்பு வருகிறது: “மச்சான், அஞ்சே நிமிஷம், வீட்டுக்கே வந்துடேன், பக்கம்தானே.” அவர் சொல்ல வேண்டியது, “7.25 வரைக்கும் இங்கதான் இருக்கேன்டா. முடியலைன்னா ரயில்ல வந்துடு, அங்க பார்ப்போம்.” மறுபடி கேட்டால் சொல் மாறாமல் அதையே சொல்லலாம். 7.25-க்குக் கிளம்பிவிட வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 7.40 வரை காத்திருந்துவிட்டால், 7.25 என்பது வெறும் பேச்சு என்று அவர்களுக்கு அவரே கற்றுக்கொடுத்ததாகிவிடும். கடைக்கு வந்ததும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது. எப்போதும் போலச் சிரித்துப் பேசி, சாப்பாடு பரிமாறச் சொல்ல வேண்டும். மறுத்தது ஒரு செயலை மட்டும்தான், நட்பை மறுக்கவில்லை என்பதை அந்த மேசையில்தான் காட்ட முடியும்.

இரண்டாம் வாரம் ஒருவர் சரியாக வந்து நிற்பார், இன்னொருவர் வராமல் கோபித்துக்கொள்ளக்கூடும். இப்போது நடக்கக்கூடிய மிகப் பெரிய பிழை, மூன்று வாரம் உறுதியாக இருந்துவிட்டு நான்காம் வாரம், பத்தாவது அழைப்பில் மனமிரங்குவது. எப்போதாவது மட்டும் பலன் தரும் பழக்கம், எப்போதும் பலன் தரும் பழக்கத்தைவிட மறைய அதிகக் காலம் எடுக்கும். பி. எஃப். ஸ்கின்னரும் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டரும் 1950-களில் விலங்குகளை வைத்துச் செய்த சோதனைகளிலேயே இது தெளிவாகத் தெரிந்தது. பத்தாவது அழைப்புக்கு இணங்கினால், இனிமேல் பத்து முறை அழைக்க வேண்டும் என்பதே அவர்கள் கற்கும் பாடம். அந்த உறுதி முடியாது என்று தோன்றினால், முதலிலேயே தளர்வான எல்லையை அறிவித்து அதைக் காப்பாற்றுவது நல்லது.

“அமைதியாச் சொல்லத்தான் நினைக்கிறேன். வாயைத் திறந்தா குரல் நடுங்குது, இல்லாட்டி கோபம் வந்துடுது.”

நடுக்கத்துக்குத் தீர்வு, சிறியதிலிருந்து பழகுவது. அச்சத்தைப் படிப்படியாகக் குறைக்கும் சிகிச்சை முறையை வகுத்த ஜோசப் வோல்ப் 1958-லேயே, பதற்றம் தரும் இடங்களில் தன் நிலையைத் தயங்காமல் சொல்லப் பழகுவது அந்தப் பதற்றத்தையே குறைக்கும் என்று எழுதினார். மாமாக் கடையில் தே ஓ கேட்டுத் தே தாரிக் வந்தால், “அண்ணே, நான் தே ஓ கேட்டேன், மாத்திக் கொடுங்க” என்று சொல்வது முதல் படி. எங்கே சாப்பிடலாம் என்ற பேச்சில் “எனக்கு வாழையிலைச் சாப்பாடு வேணும்” என்று கேள்வியாக இல்லாமல் சொல்வது அடுத்த படி. கார் விஷயம் அதற்குப் பிறகு வரட்டும். சொல்லும்போது வாக்கியத்தைச் சிறியதாக்கி, சொல்லி முடித்ததும் நிறுத்துங்கள். பின்தொடரும் மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே “இல்ல, பரவாயில்ல, வர்றேன்” என்று நிரப்பிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

கோபம் வருவது, சொல்ல வேண்டியதை ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டதன் வட்டி. அதை ஒரே இரவில் வசூலிக்க முயலாதீர்கள். “ரெண்டு வருஷமா நான் உங்களுக்காக” என்று வாய் தொடங்கினால் அங்கேயே நிறுத்தி, இனி என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். அதற்கும் முடியாத அளவு கொதித்தால், “இதைப் பத்தி நாளைக்குப் பேசறேன்” என்று சொல்லிவிட்டு மறுநாள் நிச்சயமாகப் பேசுங்கள்.

“‘பெரிய ஆளாயிட்டான்’னு எல்லார் முன்னாடியும் கிண்டல் பண்றாங்களே?”

முதல் சில வாரம் இதை எதிர்பார்க்கலாம். இதுவும் முன்பு சொன்ன சோதனையின் ஒரு வடிவம்தான். ஒருமுறை சேர்ந்து சிரித்துவிட்டு விட்டுவிடலாம். விளக்கம் கொடுத்தால் கிண்டல் வளரும். ஆனால் சிரிப்போடு சேர்த்து முடிவையும் மாற்றிவிடக் கூடாது. நிறம், உடல், வீட்டுச் சூழ்நிலை, வேலையில்லாத நிலை ஆகியவற்றைத் தொடும் கிண்டல் வேறு. அதற்குச் சிரிக்கவே வேண்டாம். “அதைச் சொல்லாதே, எனக்குப் பிடிக்கல” என்று சாதாரணக் குரலில் அந்த இடத்திலேயே சொல்லி, பேச்சைத் தொடருங்கள். மீண்டும் சொன்னால் மீண்டும் அதே வாக்கியம். மூன்றாம் முறையும் நடந்தால் எழுந்து, கணக்கைத் தீர்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

“பினாங்குக்கு என் கார்லதான் போறோம். பெட்ரோல் காசு கேட்டா கஞ்சன்னு சொல்வாங்களே?”

திரும்பி வந்தபின் கேட்டால் சொல்வார்கள், ஏனென்றால் அதுவரை எல்லாரும் அதை இலவசப் பயணமாகவே அனுபவித்திருப்பார்கள். கிளம்பும் முன்பே தொகையோடு சொல்லிவிட்டால் அது கணக்கு மட்டுமே. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஒருவழி ஏறத்தாழ 350 கிலோமீட்டர். போய்வர 700. நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் குடிக்கும் காருக்கு 49 லிட்டர் வேண்டும். அன்றைய பெட்ரோல் விலையால் பெருக்கி, டோலைச் சேர்த்து, ஏறும் ஆட்களின் எண்ணிக்கையால், உங்களையும் சேர்த்து, வகுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 200 ரிங்கிட் வந்து ஐவர் போனால் ஆளுக்கு 40.

குழுவில் எழுத வேண்டியது: “பெட்ரோல், டோல் சேர்த்து ஆளுக்கு 40. வெள்ளிக்கிழமைக்குள்ள என் டூயிட்நவ் கணக்குக்கு அனுப்பிடுங்க.” அனுப்பாதவருக்கு வெள்ளிக்கிழமை மாலை தனியாக ஒரே ஒரு நினைவூட்டல். கார் ஓட்டும் உழைப்புக்குச் சேர்த்துக் கேட்கிறீர்களா இல்லையா என்பது உங்கள் விருப்பம். என் கருத்தில் நண்பர்களிடையே அதைக் கேட்காமல், திரும்பும் வழியில் ஈப்போவில் நிறுத்தும்போது வேறொருவரை ஓட்டச் சொல்வதே இதமானது. பண விஷயத்தில் கடைப்பிடிக்கும் இந்த ஒழுங்கு மற்ற இடங்களிலும் எதிரொலிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தெளிவாகக் கணக்குச் சொல்பவரிடம், வேறு எதைக் கேட்கும்போதும் ஆட்கள் ஒருமுறை யோசித்துக் கேட்கிறார்கள்.

“எங்க குழுவுல ஒரு அண்ணன் இருக்காரு, எட்டு வயசு மூத்தவர். அவர்கிட்ட எப்படி மறுக்கறது?”

அழைக்கும் முறையிலும் இடத்திலும் வளைந்துகொடுங்கள், விஷயத்தில் வேண்டாம். குழுவில் எல்லார் கண்ணெதிரே மறுத்தால் அவருக்கு இறக்கமாகத் தோன்றும். எனவே அறிவிப்பைக் குழுவில் போடும் முன் அவரிடம் நேரிலோ தொலைபேசியிலோ சொல்லிவிடுங்கள். “அண்ணே, உங்ககிட்ட முதல்ல சொல்லணும்னு நினைச்சேன். இந்த வாரத்துல இருந்து வீட்டுக்கு வந்து ஏத்தறதை நிறுத்திக்கறேன். நிலையத்துல 7.15-க்கு இருப்பேன்.” அவர் “என்னப்பா, எனக்குமா?” என்றால், “ஆமாண்ணே, எல்லாருக்கும் ஒரே மாதிரி வச்சுக்கறேன்” என்பது போதும். பணிவான குரலில் சொன்ன மறுப்பைப் பெரியவர்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். அவருக்கு மட்டும் விலக்குக் கொடுத்தால் மற்றவர்கள் அதை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். முதுமையாலோ உடல்நிலையாலோ நடக்க முடியாதவர் என்றால் அது வேறு. அந்த விலக்குக்கு யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

“ஒரு நாள் உண்மையிலேயே அவசரம்னா? அப்பவும் மறுக்கணுமா?”

மருத்துவமனை, சாவு வீடு, இரவு நேரத்தில் தனியே நிற்கும் ஒரு தோழி என்றால் உடனே காரை எடுங்கள். அங்கே எல்லை பற்றிய பேச்சே இல்லை. இதனால் நீங்கள் சேர்த்துவைத்த உறுதி கரைந்துவிடாது. எல்லையைக் கரைப்பது, தொடர்ந்து நச்சரித்ததன் பலனாகக் கிடைக்கும் சம்மதம். தேவையின் காரணமாகக் கிடைப்பது அப்படிச் செய்வதில்லை.

குழப்பம் வருவது இரண்டுக்கும் நடுவில் உள்ளவற்றில்தான். மழை கொட்டுகிறது, ரயில் சேவை தடைப்பட்டிருக்கிறது. அப்போது அவர்கள் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முந்திக்கொண்டு, “ரயில் ஓடலைன்னு பார்த்தேன், இன்னைக்கு மட்டும் வீட்டுக்கே வர்றேன்” என்று சொல்லிவிடுங்கள். கேட்டபிறகு கொடுத்தால் வற்புறுத்தல் வென்றதாகப் பதியும். முந்திக் கொடுத்தால் அது உங்கள் முடிவாகவே இருக்கும். “இன்னைக்கு மட்டும்” என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். அடுத்த சனிக்கிழமை பழையபடி 7.15.

“நான் ரொம்பக் கறாரா மாறிட்டேனோன்னு பயமா இருக்கு. எப்படித் தெரிஞ்சுக்கறது?”

இதுவரை எதையும் மறுக்காதவருக்கு நியாயமான மறுப்பும் முரட்டுத்தனமாகவே தோன்றும். டேனியல் ஏம்ஸ், ஏபி வாஸ்லாவெக் இருவரும் பேரம் பேசுபவர்களைப் பற்றி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தம்முடைய உறுதி எவ்வளவு என்பதைச் சரியாக உணராதவர்கள் மிகப் பலர் என்று தெரிந்தது. பொருத்தமாகவே நடந்துகொண்டார்கள் என்று எதிர்த் தரப்பினரே சொன்னவர்களிலும் பலர், தாம் எல்லை மீறிவிட்டதாகத் தவறாக நினைத்திருந்தார்கள். ஆகவே உங்கள் குற்ற உணர்வை மட்டும் அளவுகோலாக வைக்க வேண்டாம்.

வெளியே தெரியும் அடையாளங்களைப் பாருங்கள். நண்பர்கள் உங்களிடம் தங்கள் கஷ்டத்தைச் சொல்வது நின்றுவிட்டதா? ஒவ்வொரு வாரமும் புதிதாக ஒரு விதி போடுகிறீர்களா? வேறொருவர் உங்களிடம் “இன்னைக்கு முடியாதுடா” என்று சொல்லும்போது முகம் சுளிக்கிறீர்களா? கடைசிக் கேள்விக்கு “ஆம்” என்றால் உடனடியாகத் திருத்திக்கொள்ள வேண்டியது அதுதான். உங்கள் மறுப்பை மதிக்கச் சொல்லும் நீங்கள், பூச்சோங் நண்பர் “இந்த வாரம் வரல” என்று சொன்னால் ஏன் என்று துருவாமல் “சரிடா, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று சொல்லப் பழக வேண்டும். குழுவில் இந்த வழக்கம் பரவுவதற்கு இதைவிட விரைவான வழி எனக்குத் தெரியவில்லை.

“எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். இப்போ என்னை விட்டுட்டே வெளிய போறாங்க.”

முதலில் நடந்தது என்ன என்று சரிபாருங்கள். ஒருமுறை சொல்லாமல் போனதற்கும் தொடர்ந்து மறைப்பதற்கும் வேறுபாடு உண்டு. சில வாரங்கள் ஆகியும் அப்படியே இருந்தால், குழுவில் கேட்காமல், மிக நெருக்கமான ஒருவரைத் தனியே சந்தித்துக் கேளுங்கள்: “கொஞ்ச நாளா என்னைக் கூப்பிடறதில்ல. கார் விஷயத்துல வருத்தமா?” அவர் வருத்தத்தைச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். நிலையத்துக்கு வருவது யாருக்கோ உண்மையிலேயே கடினமாக இருந்திருக்கலாம். நேரத்தையோ இடத்தையோ மாற்றலாம். பேசி ஒப்புக்கொண்ட மாற்றமும், நச்சரிப்புக்கு இணங்குவதும் ஒன்றல்ல என்பதை மேலே அவசரத்தைப் பற்றிய பதிலில் பார்த்தோம்.

அப்படியும் அழைப்பு வராமல் போனால், அந்த உறவில் உங்களைவிடக் காருக்கு இடம் அதிகமாக இருந்தது என்று கொள்ள வேண்டியதுதான். அது வலிக்கும். ஆனால் ஐவரும் ஒரேயடியாக அப்படி விலகுவது அரிது. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ தனியாகத் தொடர்பில் இருப்பார்கள். குழுவை மீட்கப் போராடாமல் அந்த இருவரோடு தொடருங்கள். அடுத்த சந்திப்பை நீங்களே கூட்டுங்கள், அவரவர் சொந்தமாக வந்து சேரக்கூடிய ஓர் இடத்தில், நேரம் குறித்து. பிரிக்பீல்ட்ஸ் அதற்கு இன்றும் வசதியான இடம்தான்.